காதில் தண்ணீர் போய்விட்டதா?

கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் கிடத்தி, பாட்டி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் துண்டோடு நிற்கும் இளம் தாய்க்குப் பதற்றம். "அத்தை, காதுல தண்ணி போகுது பாருங்க!" குளியல் முடிந்ததும் அந்தப் பதற்றம் வேலையைத் தொடங்கும். ஒருவர் காதில் வாய் வைத்து ஊதுவார். இன்னொருவர் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார். தாய் பட்ஸ் குச்சியை எடுத்து வந்து, கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைத் துடைக்கப் பார்ப்பார். இத்தனைக்கும் அந்தக் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

காதுத் துளை ஒரு முட்டுச் சந்து. அதன் கோடியில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு முழுக்க அடைத்து நிற்கிறது. அந்தச் சவ்வில் ஓட்டை இல்லாத வரை, குளியல் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போக வழியே இல்லை. துளைக்குள் போன நாலு சொட்டும் தலையைச் சாய்த்தால் வெளியே வந்துவிடும். மிச்சம் இருப்பது தானாகக் காயும். நாம் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டும் குரும்பிக்கும் இதில் பங்கு உண்டு. அது எண்ணெய்ப் பசையுள்ளது, லேசான அமிலத்தன்மையும் கொண்டது. அதனால் தண்ணீர் தோலில் ஊறாமலும் கிருமி வளராமலும் பார்த்துக்கொள்கிறது. பட்ஸ் போட்டுக் குடையும்போது இந்தக் காப்பு போய்விடுகிறது, தோலும் கீறிக்கொள்கிறது. அதன் பிறகு படும் தண்ணீர்தான் புண்ணாக்கும்.

ஆகவே கைக்குழந்தையின் காதுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். முழங்கையை நனைத்துப் பார்த்து இதமான சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்றும்போது குழந்தை மல்லாந்து இருக்கட்டும். இடது கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டால், அதே கையின் பெருவிரல் ஒரு காதுக்கும் நடுவிரல் மறு காதுக்கும் எட்டும். பிறந்த குழந்தையின் காது மடல் துணி போல மடங்கும். இரண்டு மடல்களையும் மெல்ல முன்பக்கம் மடித்துத் துளையை மூடிக்கொண்டு, நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து பின்னோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சொம்பை மொத்தமாகக் கவிழ்க்க வேண்டாம். காதை விட முக்கியமான காரணம் ஒன்று இதற்கு இருக்கிறது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போனால் குழந்தைக்குப் புரையேறும். அதுதான் உண்மையான ஆபத்து.

முடிந்ததும் குழந்தையின் தலையை ஒரு பக்கம் சாய்த்துத் துண்டில் வைத்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, மெல்லிய பருத்தித் துணியால் மடலையும் துளையின் வாயையும் ஒற்றி எடுங்கள். காதின் பின்புற மடிப்பை மட்டும் மறக்கக் கூடாது. கன்னம் வழியாக வழியும் பாலும் குளியல் ஈரமும் அங்கேதான் தேங்கும். அந்த இடம் சிவந்து, வெடித்து, நாற்றம் அடிக்கும் குழந்தைகளை நிறையப் பார்க்கலாம். காதுக்குள் போன தண்ணீரை விட இந்த மடிப்பில் தங்கிய ஈரம்தான் குழந்தையை அதிகம் படுத்துகிறது.

ஊதுவதில் பயன் இல்லை. பெரியவர் வாயில் உள்ள கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பதே மிச்சம். காதில் எண்ணெய் விட்டால் ஈரமும் பிசுக்கும் சேர்ந்து பூஞ்சை வளர இடம் கொடுக்கும். மூக்கில் விடுவது அதைவிடக் கெடுதல். அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வந்த குழந்தைகள் உண்டு.

அப்படியானால் காதில் சீழ் எங்கிருந்து வருகிறது? "தலைக்கு ஊத்தினோம், மறுநாளே காது வடியுது" என்று சொல்லும் வீடுகள் பொய் சொல்லவில்லையே? ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். மூன்று வயது. திங்கட்கிழமை மூக்கொழுகல் தொடங்கியது. புதன்கிழமை சளி கெட்டியாகி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினாள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் தேறினாற்போல் தெரிந்ததால் பாட்டி எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். அன்று இரவு காய்ச்சல். நடுச்சாமத்தில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். விடியற்காலையில் அழுகை நின்று அயர்ந்து தூங்கிவிட்டாள். காலையில் பார்த்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை.

வீட்டில் பழி குளியல் மேல் விழுந்தது, பாட்டி மேலும் விழுந்தது. நடந்தது வேறு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிந்து இருக்கும். சிறு குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைபடும், கிருமியும் அந்த வழியாக ஏறும். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டும். வெள்ளி இரவு அவள் அழுதது அந்த அழுத்தம் தாங்காமல். விடியற்காலையில் வலி நின்றது, செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்ததால். குழந்தையைப் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும் இதே குழாய் வழியாகத்தான் காதைக் கெடுக்கிறது.

இது உள்ளிருந்து வந்த சீழா, வெளித்துளையில் வந்த புண்ணா என்று வீட்டிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். துணியால் ஒற்றி எடுக்கும்போது சளி போல நூலாக இழுபட்டால் அது நடுக்காதிலிருந்து வருகிறது. சளி சுரக்கும் சவ்வு அங்கேதான் உண்டு, வெளித்துளையின் தோலில் கிடையாது. மடலை லேசாக இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினாலோ குழந்தை துள்ளினால், புண் வெளித்துளையில் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டாவது வகைக்குத்தான் தண்ணீரும் குடைச்சலும் நேரடிக் காரணம். கிணற்றிலும் குளத்திலும் மணிக்கணக்கில் முங்கும் பிள்ளைகளிடம் அதை அதிகம் காணலாம்.

நம் சிறுமியின் காதுக்கு வெள்ளிக்கிழமை வரை தண்ணீர் ஒரு பொருட்டில்லை. சனிக்கிழமை முதல் அது பெரிய விஷயம். முட்டுச் சந்தாக இருந்தது இப்போது திறந்துவிட்டது. தண்ணீரோடு கிருமி நேராக நடுக்காதுக்குப் போகும், ஆற வேண்டிய கிழிசல் ஆறாமல் வடிந்துகொண்டே இருக்கும். பச்சைத் தண்ணீர் உள்ளே பட்டால் தலைசுற்றலும் வரும். வெறும் தண்ணீரை விடச் சோப்புத் தண்ணீர் மோசம். வெறும் தண்ணீர் சிறு ஓட்டையின் வாயிலேயே முத்தாகத் திரண்டு தயங்கி நிற்கும். ஷாம்பு கலந்தால் அந்தத் திரட்சி உடைந்து எளிதாக உள்ளே நுழையும். சீயக்காயும் நுரைக்கிற பொருள்தான், அதற்கும் இது பொருந்தும். எனவே மேலுக்குக் குளிப்பாட்டுவதில் கெடுபிடி தேவையில்லை. தலைக்கு ஊற்றும் நாளில்தான் கவனம் வேண்டும்.

அந்த நாளில் செய்ய வேண்டியது இது. காதின் கிண்ணம் போன்ற குழிவை நிரப்பும் அளவு பஞ்சு எடுத்து உருட்டுங்கள். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும். ஆகவே அதன் வெளிப்புறம் முழுக்க வாசலின் நன்றாகப் பூசுங்கள். வாசலின் இல்லையென்றால் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, சொட்டாதபடி ஒட்டப் பிழிந்துகொள்ளலாம். அந்த உருண்டையைக் குழிவில் பொருத்தி, துளையின் வாயை மூடும்படி அழுத்துங்கள், துளைக்குள் திணிக்க வேண்டாம். பிள்ளையை மணையில் உட்காரவைத்து முகத்தை மேலே பார்க்கச் சொல்லுங்கள். தாய் ஒரு கையைப் புருவத்துக்கு மேல் அணை போல வைத்துக்கொண்டு, மறுகையால் நெற்றியோரத்திலிருந்து பின்னால் வழிய ஊற்ற வேண்டும். குனியவைத்துப் பிடரியில் ஊற்றினால் நுரையெல்லாம் காதோரமாகவே முன்னால் இறங்கும். பாதிப்பு இருக்கும் காது மேல்பக்கமாகச் சாய்ந்திருக்கவும் விடக் கூடாது. குளித்ததும் பஞ்சை எடுத்து எறிந்துவிடுங்கள். வடிகிற காதில் நாள் முழுக்கப் பஞ்சை அடைத்துவைத்தால் சீழ் உள்ளேயே தேங்கும்.

இனி காதைக் காயவைப்பது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை மிக எளிது. உறிஞ்சும் தன்மையுள்ள சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காதுத் துளையில் வைக்க வேண்டும். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுத் திரி. திரி காய்ந்து வரும் வரை இப்படி மாற்ற வேண்டும், நாளைக்கு மூன்று தடவையாவது. குச்சி வேண்டாம். மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் இப்படி உலர்த்திய பிறகே விட வேண்டும், ஈரத்தின் மேல் விட்டால் மருந்து உள்ளே சேராது. அலமாரியில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை மட்டும் தொடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கிழிசல் வழியாக உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடியவை.

14 நாள் என்பது ஒரு கணக்கு. அதற்குள் வடிவது நின்றால் திடீர் நோய். அதற்கு மேலும் வடிந்தால் நாள்பட்ட காது நோய் என்று எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அந்த 14 நாளும் மருத்துவரைப் பார்க்காமல் காத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை, காய்ச்சலும் சீழும் சேர்ந்தால் அன்றே காட்ட வேண்டும். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு வீங்கி, தொட்டால் வலித்து, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு தெரிந்தால், அது நடு இரவானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்.

திடீரெனக் கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். சீழ் நின்றுவிட்டது என்பதால் ஓட்டை அடைந்துவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது, காய்ந்த ஓட்டையும் உண்டு. மருத்துவர் விளக்குக் கருவியால் பார்த்து மூடிவிட்டது என்று சொல்லும் வரை வாசலின் பஞ்சு தொடர வேண்டும். நம் சிறுமியைப் போன்ற பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த நாள் வந்துவிடும், அதன் பிறகு பாட்டி பழையபடி தலைக்கு ஊற்றலாம்.

மூடாமலே போகிற பிள்ளைகளுக்குத்தான் இது வருஷக்கணக்கான வேலை. தலைக்குக் குளிக்கும் ஒவ்வொரு முறையும் பஞ்சு வேண்டும். கிணற்றில் குதிப்பதும் முங்கி நீந்துவதும் கூடாது. காதைக் காய்ந்த நிலையில் வைத்திருந்தால், தகுந்த வயதில் காதுக்கு மேலே உள்ள தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் செவிப்பறையில் ஒட்டுப்போடுவார்கள். அந்த ஒட்டு பிடித்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை, அந்தக் காதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது.