தோளிலிருந்து மணிக்கட்டு வரை: ஸ்வெட்டர் கையின் சரிவு

கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னப்படும் ஸ்வெட்டரில், கழுத்தைச் சுற்றித் தோளும் மார்பும் முதுகும் ஒரே துண்டாக விரிந்துகொண்டே வருகின்றன. அக்குள் அளவை எட்டியதும் கைக்குரிய கண்ணிகள் ஒரு தனி நூலில் கோத்து ஒதுக்கி வைக்கப்பட்டு, உடல்பகுதி முதலில் பின்னி முடிக்கப்படுகிறது. பார்பரா வாக்கர் 1972-இல் வெளியிட்ட 'நிட்டிங் ஃப்ரம் த டாப்' என்னும் நூல் இந்த முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அணிந்து பார்த்துக்கொண்டே பின்னலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி. அந்த வசதி உண்மையில் பயன்படும் இடம், ஒதுக்கி வைத்த கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றிக் கையைப் பின்னத் தொடங்கும் இடமே ஆகும்.

மேற்கை பருமனாகவும் மணிக்கட்டு மெல்லியதாகவும் இருப்பதால், கைக்குழாய் கீழே இறங்க இறங்கக் குறுக வேண்டும். இக்குறுக்கத்தைத் தருவது குறைப்பு, அதாவது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுதல். ஒரே சுற்றில் பல கண்ணிகளைக் குறைத்தால் துணியில் படிக்கட்டுப்போல ஒரு மடிப்பு விழும். ஆகவே அவை கையின் நீளம் முழுவதும் சீரான இடைவெளியில் பரப்பப்படுகின்றன. ஒரு குறைப்புச் சுற்றில் அக்குளிலிருந்து இறங்கும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு கண்ணிகள் குறைவது வழக்கம். ஒரு புறத்தில் மட்டும் குறைத்தால் அந்தக் கோடு கையைச் சுற்றிச் சாய்ந்து போகும்.

கணக்கு எளியது. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணிகளும் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் 28 சுற்றுகளும் வரும் பின்னல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேற்கையின் சுற்றளவு 30 செ.மீ. எனில், தளர்வுக்கு 5 செ.மீ. கூட்டி 35 செ.மீ. வைத்தால் அதற்கு 70 கண்ணிகள் தேவை. மணிக்கட்டில், கைவிரல்கள் நுழையும் அளவாக 22 செ.மீ. வைத்தால் 44 கண்ணிகள். மிகுதியான 26 கண்ணிகளையும் இரண்டிரண்டாகக் குறைக்க 13 குறைப்புச் சுற்றுகள் வேண்டும். அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை 45 செ.மீ. நீளத்தில், அக்குளுக்குக் கீழே முதல் 4 செ.மீ. குறைப்பில்லாமலும் கடைசி 6 செ.மீ. நீளும் தன்மையுள்ள ரிப் பின்னலாகவும் விடப்பட்டால், சரிவுக்கென்று எஞ்சுவது 35 செ.மீ., அதாவது 98 சுற்றுகள்.

98-ஐ 13-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 7. எனவே 13 இடைவெளிகளில் ஏழு இடைவெளிகளுக்கு எட்டுச் சுற்றுகளும், ஆறு இடைவெளிகளுக்கு ஏழு சுற்றுகளும் கிடைக்கின்றன. எட்டுகளை எல்லாம் மேலேயும் ஏழுகளை எல்லாம் கீழேயும் குவிப்பதைவிட, எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று மாறிமாறி வைத்து எட்டில் முடிப்பதே சீரான சரிவைத் தரும். ஒவ்வொரு இடைவெளியின் கடைசிச் சுற்றும் குறைப்புச் சுற்றாக அமையும்.

குறைப்பின் சாய்வும் கவனிக்கத் தக்கது. நடுக்கோட்டில் ஓர் அடையாள வளையம் தொங்குகிறது. சுற்று அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிகிறது. வளையத்தைத் தாண்டியதும் ஒரு கண்ணியை இயல்பாகப் பின்னிவிட்டு, அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் அவை வலப்புறம், நடுக்கோட்டை நோக்கிச் சாய்கின்றன. சுற்றின் முடிவில், வளையத்திற்கு மூன்று கண்ணிகள் இருக்கும்போது, முதலிரண்டையும் ஒவ்வொன்றாகப் பின்னாமலேயே வலது ஊசிக்கு நகர்த்தித் திசை திருப்பி, பின்பக்கமாக ஊசியை நுழைத்து ஒன்றாகப் பின்னினால் அவை இடப்புறம் சாய்கின்றன. கடைசிக் கண்ணி மறுபடி இயல்பாகப் பின்னப்படுகிறது. இவ்வாறு செய்தால் நடுவில் இரண்டு கண்ணிகள் தண்டுபோல நேராக இறங்க, இருபுறமும் ஒரு கண்ணி மற்றொன்றின்மேல் படிந்த சிறு தடங்கள் அத்தண்டை ஒட்டி வரிசையாகத் தெரியும். எத்தனை குறைப்புகள் முடிந்தன என்பதை எண்ண இத்தடங்களே உதவுகின்றன.

இந்தக் கணக்கில் அகலத்தைத் தீர்மானிப்பவை கண்ணிகள் என்றால், சரிவைத் தீர்மானிப்பவை சுற்றுகள். பெரும்பாலோர் மாதிரித் துண்டில் கண்ணிகளைக் கவனமாக எண்ணிவிட்டுச் சுற்றுகளைப் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. கையில் தவறு நேர்வது பெரும்பாலும் அதனால்தான். மாதிரித் துண்டு பெரும்பாலும் முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிப் பின்னப்படுகிறது. அதில் நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறிமாறி வரும். கையிலோ, குழாயாகச் சுற்றிக்கொண்டே போவதால், நிட் மட்டுமே வருகிறது. பர்லைத் தளர்வாகப் பின்னும் பழக்கமுள்ளவருக்குக் கையில் சுற்றுகள் நெருங்கிவிடும். அகலம் ஏறக்குறைய மாறாமலிருக்க, பத்து சென்டிமீட்டருக்கு 28 சுற்றுகள் வரவேண்டிய இடத்தில் 32 வந்துவிடலாம். அப்போது 98 சுற்றுகளும் 35 செ.மீ.க்குப் பதிலாக 31 செ.மீ.யிலேயே தீர்ந்துவிடும், மணிக்கட்டுக்கு உரிய குறுகிய அகலம் முன்கையின் மேலேயே வந்து அங்கே இறுக்கிப் பிடிக்கும். நெய்த துணியில் தைத்த சட்டையாக இருந்தால் இதை வெட்டித் தைத்து விடலாம். பின்னலில் பிரித்தெடுத்துத்தான் திருத்த வேண்டும்.

ஆனால் மேலிருந்து கீழாகப் பின்னும்போது தவறு பாதியிலேயே புலப்படும். ஐந்து குறைப்புகள் முடிந்தபோது நின்று அளந்து பார்த்ததாகக் கொள்வோம். அதுவரை 8, 7, 8, 7, 8 என 38 சுற்றுகள் போயிருக்கும். சரியான அடர்த்தியில் அது 13½ செ.மீ. வர வேண்டும், ஆனால் அளவுநாடா 12 செ.மீ.தான் காட்டுகிறது. அப்படியானால் உண்மையான அடர்த்தி பத்து சென்டிமீட்டருக்கு 32 சுற்றுகள். சரிவுக்கு மிச்சமுள்ள 23 செ.மீ.க்கு இனி 74 சுற்றுகள் வேண்டும். மிச்சமுள்ள குறைப்புகள் எட்டு. ஆகவே ஆறு இடைவெளிகளுக்கு ஒன்பது சுற்றுகளும் இரண்டுக்குப் பத்துச் சுற்றுகளுமாகக் கணக்கை மாற்றிக்கொண்டால் 44 கண்ணிகளில் உரிய இடத்திலேயே போய் நிற்கும். மேலே பின்னியதைப் பிரிக்க வேண்டியதில்லை. சரிவின் மேற்பகுதி சற்றே வேகமாகவும் கீழ்ப்பகுதி சற்றே நிதானமாகவும் இருப்பது அணிந்தவர் கண்ணுக்குப் புலப்படாது.

இந்தத் திருத்தத்திலும் ஓர் எல்லை உண்டு. கம்பளி நூல் நனைந்து உலரும்போது அதன் நீளம் மாறக்கூடும். சில நூல்கள் துவைத்த பின் தளர்ந்து நீள்கின்றன. துவைக்காத கையை அளந்து செய்த கணக்கு துவைத்த பின் பொய்த்துப்போகலாம் என்பதால், சுற்றிலேயே பின்னிய மாதிரித் துண்டொன்றைத் துவைத்து உலர்த்தி அளந்து வைத்திருப்பவரே இடைவழித் திருத்தத்தை நம்பிச் செய்ய முடியும். மேலும், மனிதக் கை உண்மையில் நேர்க் கூம்பு அன்று; முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கை மறுபடி திரண்டிருக்கிறது. சீரான சரிவு அந்தத் திரட்சியைக் கணக்கில் கொள்வதில்லை. ஐந்து செ.மீ. தளர்வு அதை விழுங்கிவிடும். உடலோடு ஒட்டிய கையை விரும்புவோர் முழங்கைக்கு மேலே குறைப்புகளை அடர்த்தியாக்காமல், பெரும்பங்கை முழங்கைக்குக் கீழே தள்ளுவது நல்லது.

இரண்டாவது கையைப் பின்னும்போது முதல் கையின் நீளத்தை அளந்து ஒப்பிடுவது போதாது. நூல் இழுபடும், மேசையில் வைக்கும் விதத்தில்கூட ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். ஆகவே முதல் கையில் ஒவ்வொரு குறைப்பும் எத்தனையாவது சுற்றில் நிகழ்ந்தது என்பதை அப்போதே எழுதி வைக்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், நடுவே ஒன்பதுக்கு மாறிய இடமும் அந்தக் குறிப்பில் இருந்தால்தான் இரண்டாவது கையும் அதே சுற்றில் மாறும். இல்லையேல் ஒரு கை முன்கையில் இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் அமைந்துவிடும்.