பாத்ரூமை இடிச்சு கட்டப் போறீங்களா? அக்கம்பக்கத்துக்கு கொடுக்கும் நோட்டீஸில் என்ன இருக்கணும்?

"எங்கள் வீட்டில் பராமரிப்பு வேலை நடைபெற உள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்." அடுக்குமாடி குடியிருப்புகளின் நோட்டீஸ் போர்டில் அடிக்கடி பார்க்கும் வரிகள்தான் இவை. ஆனால், இதைப் படிப்பவருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு காது கிழியப் போகிறது என்பது தெரியாது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என எல்லோருக்கும் தேவைப்படுவது அந்த ஒரு தகவல்தான். அதை எப்படி எழுதுவது? தூசியை எப்படி கட்டுப்படுத்துவது? பார்க்கலாம்.

சத்தம் ஏன் எல்லா மாடிக்கும் கேட்குது?

டிவி சத்தம் காற்று வழியாக வரும். கதவை மூடினால் குறைந்துவிடும். ஆனால், டைல்ஸ் உடைக்கும் பிரேக்கர் மெஷின் நேரடியாக சுவரையும் தரையையும் அடிக்கிறது. அந்த அதிர்வு கான்கிரீட் வழியாகவே தூண், பீம், ஸ்லாப் என்று பயணிக்கும். அதனால்தான் இரண்டாவது மாடியில் உடைத்தால் நான்காவது மாடியில் இருப்பவருக்கும், 'நம்ம மேல் வீட்டுல உடைக்கிறாங்களோ' என்று தோன்றுகிறது.

கதவை மூடி வேலை பார்த்தாலும் இந்த சத்தம் பெரிதாக குறையாது. உரிமையாளர் கையில் இருப்பது நேரம் மட்டும்தான். அந்த நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

சட்டம் என்ன சொல்லுது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் நேரம். இரவு 10 முதல் காலை 6 மணி வரை, குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது.

அதுக்காக காலை 6 மணிக்கே டிரில் போடலாமா என்றால், அங்கேதான் குடியிருப்போர் சங்கத்தின் பைலா வருகிறது. பல சங்கங்கள் வேலை நேரத்தை இன்னும் சுருக்கி வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு தடை போட்ட சங்கங்களும் உண்டு. நோட்டீஸ் எழுதும் முன் செயலாளரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா நாளும் சத்தம் இருக்குமா?

இருக்காது. பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான். 8 அடிக்கு 5 அடி அளவுள்ள ஒரு பாத்ரூமை முழுசாக மாற்ற ஏறக்குறைய 3 வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையிலேயே காது வலிக்கும் நாட்கள், பழைய டைல்ஸை உடைக்கும் முதல் 3 நாட்கள்தான். பிறகு பைப் பதிக்க சுவரில் காடி வெட்டும் ஒரு நாள். கடைசியில் புது டைல்ஸ் ஒட்டும்போது கட்டர் சத்தம் விட்டுவிட்டு வரும். நடுவில் பூச்சு வேலை, வாட்டர் ப்ரூஃபிங், அது காயும் நாட்கள் எல்லாம் அமைதியாகவே போகும்.

'3 வாரம் வேலை' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு 3 வாரமும் இடி சத்தம் என்றுதான் தோன்றும். உடைக்கும் நாட்களை தனியாகப் பிரித்துச் சொன்னால், 'சரி, அந்த 3 நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்' என்று முடிவெடுக்க முடியும்.

கீழ் வீட்டுக்காரருக்கு தனியாக சொல்லணும், ஏன்?

மேல் வீட்டு பாத்ரூமின் தரைதான் கீழ் வீட்டு பாத்ரூமின் கூரை. உடைக்கும்போது அவர் வீட்டு கூரைப் பூச்சு உதிரலாம். அதனால் வேலை தொடங்கும் முன் அவரது அனுமதியோடு உள்ளே போய், கூரையையும் சுவரையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருந்த விரிசல் எது, புதுசாக வந்தது எது என்ற சண்டை பிறகு வராது.

அடுத்தது நீர் கசிவு சோதனை. வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு நன்றாக காய்ந்ததும், தரையில் உள்ள கழிவு நீர் துளையை அடைத்து, 2 அங்குலம் வரை தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுவார்கள். கசிவு இருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்தால் முழுசாக தெரியாது. கீழ் வீட்டு கூரையில், குறிப்பாக பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி, ஈர வட்டம் தெரிகிறதா என்று பார்க்கணும். இதை கவனிக்காமல் டைல்ஸ் ஒட்டிவிட்டால், கசிவு தெரியும்போது எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டியதுதான். கீழ் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்த சோதனை பாதிதான் முடியும்.

தூசி எங்கிருந்து போகுது?

வாசல் கதவை மூடிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். பாத்ரூமில் இன்னொரு வழி இருக்கிறது. வென்டிலேட்டர் ஜன்னல் பெரும்பாலும் பைப்புகள் இறங்கும் பொது டக்ட் பக்கம் திறக்கும். எல்லா மாடி பாத்ரூம் ஜன்னலும் அதே டக்ட் பக்கம்தான். அதனால் உடைக்கும் நாட்களில் அந்த ஜன்னலை பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வைத்து உள்பக்கமாக மூட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடக் கூடாது.

டைல்ஸ், சிமென்ட், மணல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்கு தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குள் போய் தங்கிவிடும். அதிக ஆபத்து வேலை செய்யும் தொழிலாளிக்குத்தான். ஆஸ்துமா உள்ள அக்கம்பக்கத்தாருக்கும் தூசி தொல்லை கொடுக்கும். உடைக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளிப்பது, டைல்ஸை தண்ணீர் விட்டபடியே வெட்டுவது, வெட்டும் வேலையை சொந்த பால்கனியிலேயே வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அவசியம். படிக்கட்டு லேண்டிங்கில் உட்கார்ந்து வெட்ட விடக் கூடாது. துணி மாஸ்க் நுண்தூசியை தடுக்காது என்பதால் வேலை செய்பவர்களுக்கு என்-95 வாங்கிக் கொடுக்க வேண்டும்.

தூசி வெளியே போகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாலையில் படிக்கட்டில் சாம்பல் நிற காலடித் தடம் தெரிந்தால், வாசலில் போட்ட ஈரச் சாக்கு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். லிஃப்ட் கதவு மூடும்போது நறநறவென்றால், கீழே உள்ள பள்ளத்தில் மணல் விழுந்திருக்கிறது.

உடைச்ச மூட்டையெல்லாம் எங்கே போகும்?

அந்த 8-க்கு 5 பாத்ரூமில் 7 அடி உயரம் வரை சுவர் டைல்ஸும் தரை டைல்ஸும் சேர்த்து சுமார் 200 சதுர அடி வரும். பின்னால் உள்ள பூச்சோடு உடைத்தால் ஏறக்குறைய 1 டன் இடிபாடு. 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 40 மூட்டை. தரையின் பள்ளத்தில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியையும் தோண்டினால் இது இரண்டு மடங்குக்கு மேல் போகும். இத்தனை மூட்டை எந்த வழியாக, எந்த நேரத்தில் இறங்கும், எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்பதும் நோட்டீஸில் வர வேண்டும்.

தெருவிலோ மழைநீர் கால்வாய் ஓரத்திலோ கொட்டக் கூடாது. சென்னையில் எங்கே கொண்டுபோய் கொடுப்பது என்பதை மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம். உடைக்கும் முன் தரைத் துளையை துணி வைத்து அடைப்பதும் முக்கியம். சிமென்ட் கரைசல் பைப்பில் இறங்கி இறுகினால், அடைப்பு கீழ் மாடிக்காரர் வீட்டில்தான் முதலில் தெரியும்.

மாதிரி நோட்டீஸ்

இரண்டாவது மாடி வீட்டுக்கான ஒரு மாதிரி இது. தேதிகளையும் நேரத்தையும் உங்கள் கொத்தனாரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"அனைவருக்கும் வணக்கம். 2-வது மாடி, 6-ம் எண் வீட்டில் பாத்ரூம் புதுப்பிக்கும் வேலை ஜூன் 1 திங்கள் முதல் ஜூன் 20 சனி வரை நடக்கும். சங்கத்தின் அனுமதி பெற்றுள்ளோம். ஞாயிறுகளில் ஆட்கள் வர மாட்டார்கள்.

அதிக சத்தம்: ஜூன் 1, 2, 3 - காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 5 வரை. டைல்ஸ் உடைக்கும் வேலை.
நடுத்தர சத்தம்: ஜூன் 4 - காலை 10 முதல் 1 வரை. சுவரில் பைப் காடி வெட்டுவது.
சத்தம் இல்லாத வேலை: ஜூன் 5 முதல் 14 வரை. பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங், காயவிடுதல்.
விட்டுவிட்டு சத்தம்: ஜூன் 15 முதல் 19 வரை - டைல்ஸ் வெட்டுவது காலை 10.30 முதல் 12.30 வரை மட்டும்.
ஜூன் 20 - குழாய், கண்ணாடி பொருத்த ஒரு மணி நேரம் டிரில்.

மதியம் 1 முதல் 3 வரை எந்த நாளும் மெஷின் ஓடாது.

ஜூன் 4 காலை 11 முதல் 1 வரை டக்ட் வால்வு மூடப்படும். அந்த வரிசையில் உள்ள 2, 6, 10 எண் வீடுகளில் பாத்ரூம் தண்ணீர் வராது. முன்பே பிடித்து வைத்துக்கொள்ளவும்.

ஜூன் 12 மாலை 6 முதல் 14 மாலை 6 வரை எங்கள் பாத்ரூமில் தண்ணீர் கட்டி வைப்போம். 2-ம் எண் வீட்டில் கூரையில் ஈரம் தெரிந்தால் எந்த நேரமானாலும் அழைக்கவும்.

இடிபாடு மூட்டைகள் படிக்கட்டு வழியாக மாலை 5 முதல் 6 வரை இறக்கப்படும். எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் மட்டும் வைத்து, ஜூன் 4 மாலை எடுத்துச் செல்லப்படும். படிக்கட்டு தினமும் மாலை 6.30-க்குள் ஈரத்துணியால் துடைக்கப்படும்.

தேர்வு, உடல்நலக் குறைவு, வீட்டு விசேஷம் இருந்தால் மே 30-க்குள் சொல்லுங்கள், அந்த நேரத்தை மாற்றப் பார்க்கிறோம். தொடர்புக்கு: (உரிமையாளர் எண்), (மேஸ்திரி எண்)."

எப்போது, எப்படி கொடுப்பது?

குறைந்தது ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம். கீழ், மேல், பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்க் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்களும் இருப்பார்கள், வாடகைக்கு இருப்பவர்கள் பல குழுக்களில் இருக்க மாட்டார்கள்.

நோட்டீஸ் மேஸ்திரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதி வேலை நடக்கும் கதவிலேயே ஒட்டினால், 'சீக்கிரம் முடிச்சிடலாம் சார்' என்று காலை 8 மணிக்கே மெஷினை எடுப்பதைத் தடுக்கலாம்.

வேலை தள்ளிப் போவது சகஜம். பழைய டைல்ஸுக்கு அடியில் துருப்பிடித்த பைப் தெரிந்தால் உடைக்கும் வேலை ஒரு நாள் கூடும். அப்போது முந்தைய நாள் மாலையே புதிய நேரத்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் நீட்டித்துவிட்டால், அடுத்து எழுதும் தேதி எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.