திரும்ப மாட்டேங்குதா உங்க டேப்லெட்?

போன வாரம் எங்க ஹாஸ்டல்ல ஒரு சின்ன கலாட்டா. மறுநாள் காலையில லேப் ரெக்கார்டை சப்மிட் பண்ணணும். ரூம்மேட்டோட டேப்லெட் ஸ்கிரீன் படுத்தவாக்குல அப்படியே நின்னுபோச்சு. நிமிர்த்திப் பிடிச்சாலும் எழுத்தெல்லாம் பக்கவாட்டுல படுத்தேதான் கிடக்கு. கழுத்தைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு ரெக்கார்ட் எழுத முடியுமா, சொல்லுங்க? சாயங்காலமே ஒரு கடையில காட்டினதுக்கு, "சென்சார் போச்சு தம்பி, போர்டு மாத்தணும், ரெண்டாயிரத்து ஐநூறு"ன்னு சொல்லிட்டாங்களாம். ஒரு மாச மெஸ் பில் பாஸ் அது!

சரி, நாமளே பார்ப்போம்னு உட்கார்ந்தோம். நீங்களும் இதே வரிசையில பாருங்க.

முதல்ல லாக். ஸ்கிரீனை மேலேர்ந்து கீழே இழுத்தா Auto-rotate பட்டன் இருக்கும். அது ஆன்ல இருக்கணும். ஆன்லதான் இருந்துச்சு. ஆனா இதோட விட்டுடாதீங்க. சில ஆப் எப்பவுமே ஒரே பக்கமாத்தான் நிக்கும். பல மாடல்ல ஹோம் ஸ்கிரீன் திரும்பறதுக்குத் தனி செட்டிங் உண்டு. அதனால பிரவுசர்ல ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சுத் திருப்பிப் பாருங்க. நாங்க பார்த்தோம்... ம்ஹூம்!

அடுத்து சென்சார். டேப்லெட் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு சொல்றது ஆக்ஸிலரோமீட்டர். உள்ளே இருக்கிற குட்டி சிலிக்கான் எடையைப் புவியீர்ப்பு எந்தத் திசையில இழுக்குதுன்னு அது அளக்கும். phyphox-னு ஒரு இலவச ஆப் இருக்கு. அதுல Acceleration (with g) திறந்தா x, y, z-னு மூணு நம்பர் ஓடும். டேப்லெட்டை மேஜையில படுக்க வெச்சா z கிட்டத்தட்ட 9.8, மத்த ரெண்டும் பூஜ்யம் பக்கத்துல வரணும். ஒரு விளிம்புல நிமிர்த்தி நிறுத்தினா அந்த 9.8 வேற அச்சுக்குத் தாவணும். தலைகீழாக் கவிழ்த்தா மைனஸ் 9.8. எப்படித் திருப்பினாலும் நம்பர் நகரலைன்னா, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் அசையலைன்னா கடைக்காரர் சொன்னது சரி.

எங்களுக்கு நம்பரெல்லாம் அழகாத் தாவுச்சு!

"அப்ப காலிப்ரேஷன் பிரச்னையா இருக்கும்டா"ன்னு பக்கத்து ரூம் மச்சான் டேப்லெட்டை வாங்கிக் காத்துல எட்டு போட ஆரம்பிச்சான். எட்டு போடறது திசைகாட்டியைச் சரிபண்ண. ஸ்கிரீன் திரும்பறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. சில மாடல்ல ஆக்ஸிலரோமீட்டருக்கே காலிப்ரேஷன் வசதி இருக்கு, ஆனா அது சரிபண்றது சின்னப் பிசகைத்தான். நம்பர்ல 0.5 தப்பு வந்தாக்கூட சாய்வுக் கணக்குல ஒரு 3 டிகிரிதான் தவறும். ஸ்கிரீன் திரும்பணும்னா நீங்க 45 டிகிரிக்கு மேலே சாய்க்கணும். அந்த 3 டிகிரியால ஸ்கிரீன் முழுசா நின்னுபோகுமா?

அப்ப சென்சார் உண்மையைச் சொல்லுது, மேலே யாரோ அதைக் கேட்கலை. யாரு?

சந்தேகம் வந்து கவரைக் கழட்டினேன். அரை செகண்ட்... ஸ்கிரீன் டக்குனு திரும்பிடுச்சு!

மேட்டர் இதுதான். இந்த மாடல் கீபோர்டோட சேர்த்து வர்றது. விளிம்புல ஹால் சென்சார்னு ஒண்ணு இருக்கும். பக்கத்துல காந்தம் வந்தா அதுக்குத் தெரியும். மூடி திறந்திருக்கா, மூடியிருக்கானு கண்டுபிடிக்கறது அதை வெச்சுத்தான். ஆண்ட்ராய்டுல ஒரு விதி உண்டு. 'கீபோர்டு விரிச்சு வெச்சிருக்கு'ன்னு தகவல் வந்தா, இந்த மாதிரி மாடல் ஆக்ஸிலரோமீட்டரைக் கண்டுக்காம ஸ்கிரீனைப் படுத்தவாக்குல நிறுத்திடும். லேப்டாப் மாதிரி டைப் பண்ணும்போது அதானே வசதி? நம்மாளு பிளாட்பாரக் கடையில வாங்கின கவர்ல மூடியைப் பிடிக்கற காந்தத்தை வேற இடத்துல வெச்சுத் தெச்சிருக்காங்க. மூடியைப் பின்னால மடிச்சதும் அது ஹால் சென்சாரை ஏமாத்திடுச்சு. சாதா டேப்லெட்ல இதே காந்தம் ஸ்கிரீனையே அணைச்சுடும்.

உங்க கவர்ல காந்தம் எங்கே இருக்குன்னு தெரியணுமா? ஒரு ஊக்கை நூல்ல கட்டி மேலே மெதுவா நகர்த்துங்க. எங்கே ஒட்டுதோ, அங்கே!

நாங்க பிளேடால தையலைப் பிரிச்சு, காசு சைஸ்ல இருந்த காந்தத்தை வெளியே எடுத்தோம். மூடியைப் பிடிக்க இப்போ ஒரு ரப்பர் பேண்ட். ரெக்கார்ட் முடிய ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. செலவு? பூஜ்யம்!

அதனால, கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி கவரைக் கழட்டிப் பாருங்க பாஸ். நாங்க கடைசியாச் செஞ்ச அந்த வேலையை நீங்க முதல்ல செஞ்சிடுங்க.