கணினிப் பித்தளை ஏன் கறுக்கிறது?

கணினியில் ஒரு உருண்டையைப் பித்தளையாக்க பிளெண்டர் மென்பொருளில் Metallic அளவை 1 ஆக்கி, மஞ்சள் நிறம் கொடுத்தால் போதும். ஆனால் முதலாண்டு மாணவருக்குத் திரையில் பெரும்பாலும் கிடைப்பது கரிக்கட்டை போன்ற ஒரு உருண்டை. விளக்கை எவ்வளவு கூட்டினாலும் அது மஞ்சளாவதில்லை. இந்தத் திகைப்பை நோக்கியே மூன்று மணி நேரப் பயிலரங்கு முழுவதையும் அமைக்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் அரை மணி நேரம் கணினியைத் தொடவே வேண்டாம். சன்னல்களை மூடி இருட்டாக்கிக்கொள்ளுங்கள். மேசையில் பித்தளைச் செம்பு, பிளாஸ்டிக் குவளை, அகல் விளக்கு மூன்றையும் வைத்து, கைபேசி டார்ச்சால் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். டார்ச்சின் முகத்தோடு ஒட்டி மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்தால் ஓரம் அதிகம் மாறாது. துணியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் அதன்மேல் பரவும். அப்போதுதான் நிழல் இளகும். நிழலை மென்மையாக்குவது துணி அல்ல, பொருளிலிருந்து பார்க்கும்போது ஒளி மூலம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே. பிறகு செம்பின் அருகில் வெள்ளை சார்ட் தாளைக் கொண்டுபோங்கள். செம்பின் வயிற்றில் ஒளிப்பட்டை ஒன்று எழும். இதை மாணவர்களே கண்டு சொல்லும்வரை காத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஒரு மணி நேரம் ஒளிக்கு மட்டும். பிளெண்டர் இலவசம். முந்தின நாளே ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினியிலும் அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதிய பதிப்பு பழைய கணினியில் ஓடாவிட்டால் பழைய பதிப்பை அதன் தளத்திலிருந்தே எடுக்கலாம். Cycles முறையைத் தேர்ந்து, மாதிரி எண்ணிக்கையை 64 ஆகக் குறைத்து, Denoise போட்டால் சாதாரணக் கணினியே தாங்கும்.

ஒரு தரை, அதன்மேல் சாம்பல் நிற உருண்டை, ஒரு Area விளக்கு. World நிறம் முழுக் கறுப்பு. சாம்பல் நிறம் ஏனென்றால், வண்ணம் இருந்தால் கண் அதன் பின்னால் போய்விடும். விளக்கின் அகலத்தை 0.1 மீட்டரிலிருந்து 2 மீட்டராக்கினால் துணி செய்த வேலையைத் திரையில் காணலாம். சிறிய விளக்கை 2 மீட்டர் தூரத்திலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகும். ஈடுகட்ட Power 100 என்பதை 400 ஆக்க வேண்டும். யாராவது விளக்கை நகர்த்தியும் படம் மாறவில்லை என்று கையைத் தூக்கினால், அவர் Solid காட்சியில் இருக்கிறார் என்று பொருள். Z விசையை அழுத்தி Rendered தேர்ந்தால் சரியாகும்.

இடைவேளைக்குப் பிறகு பொருள்களின் தன்மை. உருண்டையை Shift+D கொண்டு மூன்றாக்கினால், ஒன்றின் நிறத்தை மாற்றும்போது மூன்றும் மாறும். ஒரே மெட்டீரியலை மூன்றும் பகிர்ந்துகொள்வதால் வரும் குழப்பம் இது. மெட்டீரியல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைச் சொடுக்கினால் தனித்தனியாகும். முதல் உருண்டை சிவப்புப் பிளாஸ்டிக்: Metallic 0, Roughness 0.2. இரண்டாவது சுட்ட மண்: Metallic 0, Roughness 0.9. மூன்றாவது பித்தளை: Metallic 1, Roughness 0.1. இடைப்பட்ட Metallic அளவுகளை இப்போதைக்குத் தடை செய்யலாம். ஒரு பரப்பு ஒன்று உலோகமாக இருக்கும், அல்லது இருக்காது. தூசியும் துருவும் படிந்த இடங்களின் விளிம்புக்குத்தான் 0.5 தேவைப்படும்.

பிளாஸ்டிக்கும் மண்ணும் பார்த்தவுடன் நம்பும்படி வந்துவிடும். பித்தளையோ கறுத்துக் கிடக்கும்: கீழ்ப்பாதியில் தரை கொஞ்சம் தெரியும், மேலே ஒரு சிறு வெளிச்சப் புள்ளி. மாணவர்கள் Power-ஐ ஏற்றுவார்கள். அந்தப் புள்ளியும் தரையும்தான் வெளுக்கும். அப்போது சார்ட் தாளை நினைவூட்டுங்கள். பிளாஸ்டிக் தன்மேல் விழும் ஒளியை உள்வாங்கித் தன் நிறத்தில் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. உலோகத்துக்கு அந்தச் சிதறல் கிடையாது. சுற்றிலும் இருப்பதைத் தன் நிறம் ஏற்றித் திருப்பிக் காட்டுவது ஒன்றே அதற்குத் தெரியும். சுற்றிலும் இருட்டென்றால் அது இருட்டைத்தான் காட்டும். விளக்கை 2 மீட்டர் அகலமாக்கிப் பக்கத்தில் நிறுத்தினால் மஞ்சள் பட்டை ஒன்று விரியும். பாலி ஹேவன் தளத்தில் எந்த நிபந்தனையுமின்றிக் கிடைக்கும் எச்டிஆர்ஐ சூழல் படம் ஒன்றை World-இல் இணைத்தால் முழுச் செம்பும் உயிர்பெறும்.

இங்கே மூன்று உருண்டைகளின் மினுக்கத்தையும் அருகருகே பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை விளக்கின்கீழ் சிவப்புப் பிளாஸ்டிக்கின் மினுக்கம் வெள்ளை. பித்தளையின் மினுக்கம் மஞ்சள். மண்ணில் மினுக்கம் தனியே தெரியாத அளவுக்குப் பரந்துவிட்டிருக்கும்.

கடைசி அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் இரண்டு சோடிப் படங்கள் தரவேண்டும்: ஒரே பொருள், இரு ஒளி, ஒரே ஒளி, இரு பொருள். திருத்தும்போது அழகுக்கு மதிப்பெண் போட வேண்டாம். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறதா, மாறியது எது என்று மாணவர் ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.