ஒரே 'க'.. ஆனா மூணு சத்தம்! ஒலியன், மாற்றொலி என்றால் என்ன?

கல், தங்கம், பகல். இந்த மூணு வார்த்தையையும் சத்தமா சொல்லிப் பாருங்க. எழுதுறது ஒரே 'க' தான். ஆனால் காதில் விழுவது மூன்று விதமான ஒலி.

'கல்' என்று தொடங்கும்போது அடிநாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும். அதனால் ஒலி அழுத்தமாக வரும். 'பக்கம்' போல இரட்டிக்கும்போதும் இப்படித்தான். 'தங்கம்' சொல்லும்போது, முன்னால் வரும் 'ங்' ஒலியின் தொண்டை அதிர்வு 'க'விலும் தொடர்வதால் அது மென்மையாகிறது. 'பகல்' என்பதில் 'க' இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே சிக்குகிறது. நாக்கு முழுசா ஒட்டாமல் காற்று உரசிப் போவதால், கிட்டத்தட்ட 'ஹ' போலக் கேட்கும்.

இருந்தாலும் நம் மனசுக்கு மூன்றும் ஒன்றுதான். அந்த ஒன்றுதான் ஒலியன். இடத்துக்கு ஏற்ப அது எடுக்கும் வடிவங்கள் மாற்றொலிகள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலியை மாற்றிப் பாருங்க. 'தங்கம்' என்பதில் 'கல்'லின் அழுத்தமான 'க'வைப் போட்டால் விநோதமாக இருக்கும், ஆனால் வேறு சொல் ஆகாது. அதுவே 'கல்'லில் 'க'வுக்குப் பதில் 'ப' போட்டால் 'பல்' ஆகிவிடும். பொருளே மாறுவதால் 'க'வும் 'ப'வும் தனித்தனி ஒலியன்கள்.

ஆங்கிலச் சொற்கள் வந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். பாடம் நடக்கும் 'கிளாஸ்', தண்ணீர் குடிக்கும் 'கிளாஸ்' இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அந்த முதல் ஒலிகள் இரண்டு வேறு ஒலியன்கள். மாற்றிச் சொன்னால் பொருளும் மாறிடும்!