சோர்ஸ் பெட்டிக்குள் இருக்கிறதா?

எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு மாணவர்களுக்கு, ஆய்வகப் பொறுப்பாளர் எழுதுவது.

அடுத்த வாரம் உங்கள் கைக்கு சீசியம்-137 வரும். காசு அளவிலான பிளாஸ்டிக் வில்லை. கதிரியக்கப் பொருள் உள்ளே அடைபட்டிருக்கும். வில்லை விரிசல் விட்டால் அந்தப் பொருள் மேசையிலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும். கசிகிறதா என்று ஜி.எம். கவுண்ட்டரை நேராக வில்லையிடம் நீட்டிப் பார்ப்பது பயன்படாது. நல்ல வில்லையிலிருந்தும் கதிர் வந்துகொண்டுதானே இருக்கிறது, கசிவு அதில் மறைந்துவிடும். அதனால்தான் துடைத்துப் பார்க்கிறோம்.

ஆல்கஹாலில் நனைத்த வடிதாளை இடுக்கியால் பிடித்து வில்லையின் விளிம்பையும் ஈயப் பெட்டியின் உட்புறத்தையும் துடையுங்கள். மெல்லிய ஜன்னல் கொண்ட பீட்டா சோர்ஸாக இருந்தால் ஜன்னலைத் தொடாதீர்கள், கிழிந்துவிடும். தாள் உலர்ந்ததும், சோர்ஸை அலமாரியில் பூட்டிய பிறகே, தாளை எண்ணுங்கள். பக்கத்து மேசையில் யாருடைய சோர்ஸாவது கிடந்தால் எண்ணிக்கை ஏறி, இல்லாத கசிவைக் காட்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். வெறும் தாளில் ஐந்து நிமிடத்துக்கு 100 எண்ணிக்கை, துடைத்த தாளில் 118 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 18. கதிரியக்கம் சீராக வருவதில்லை. இரண்டு எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 15. அந்த அளவுக்கு எண்கள் தானாகவே ஆடும். ஆக 18-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது, இருபது நிமிடம் எண்ணிப் பாருங்கள். உண்மையான கசிவு இப்படித் தயங்காது. 185 பெக்கரல் என்பது வழக்கமான எல்லை. கவுண்ட்டர் பத்தில் ஒன்றைப் பிடித்தாலே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஏறும். அப்படிக் கண்டால் தாளையும் கையுறையையும் பையில் கட்டி, அங்கேயே நின்று என்னைக் கூப்பிடுங்கள். நடந்தால் செருப்போடு அறை முழுக்கப் பரவும்.

கசிவைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, மறந்துபோன சோர்ஸ். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் பழைய சாமானாக ஏலம் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றார்கள். கோபால்ட் 5.27 ஆண்டில் பாதியாகக் குறையும். பயன்பாடு நின்ற இருபத்தைந்து ஆண்டில் அது ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும், அப்படியும் ஓர் உயிரை எடுத்தது. உங்கள் வில்லை அதன் கால்தூசி அளவுகூட வராது. ஆனால் காணாமல் போகும் விதம் ஒன்றுதான்.

ஆகவே பதிவேட்டில் 'வைத்தாயிற்று' என்று எழுதுமுன் மூடியைத் திறந்து வில்லையின் எண்ணைப் படியுங்கள். மூடிய பெட்டிக்கு உள்ளே எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வலுவிழந்த சோர்ஸையும் பழைய சாமானோடு சேர்க்காமல் என்னிடம் கொடுங்கள், விற்ற நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்வேன்.