4300 எங்கிருந்து வந்தது?

பைத்தான் மொழியில் ஐயாயிரம் இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கணக்கிட்டு உருவாக்கி, அதைத் திரையில் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். கணினி மறுத்துவிடும். எண் நினைவகத்தில் இருக்கிறது, கூட்டலும் பெருக்கலும் நடக்கின்றன. அச்சிட மட்டும் முடியாது. திரையில் வரும் பிழைச் செய்தியில் `4300 digits` என்ற வரம்பு தெரியும். ஏன் 4000 இல்லை, 5000 இல்லை, கணினிக்காரர்களுக்குப் பிடித்த 4096 இல்லை?

இந்த எண்ணை யாரோ ஒருநாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் காரணம் இன்று நமக்குக் கிடைக்குமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 4300இன் விஷயத்தில் கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

மென்பொருள் குழுக்கள் ஒவ்வொரு பிழைக்கும் வேலைக்கும் ஒரு டிக்கெட் திறப்பார்கள். அதற்கு ஒரு எண் இருக்கும், கீழே கருத்துகள் சேரும், வேலை முடிந்ததும் மூடப்படும். பைத்தான் குழுவில் இந்த வரம்புக்கான டிக்கெட் `gh-95778`. அதன் மூலக் காரணம் ஒரு பாதுகாப்புக் குறைபாடு: `CVE-2020-10735`.

குறைபாடு என்ன? நாம் எழுதும் பதின்ம எண்ணைக் கணினி தன் இரும எண்ணாக மாற்ற வேண்டும். பைத்தான் அப்போது பயன்படுத்திய முறையில், இலக்கங்கள் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், பத்து மடங்கானால் நூறு மடங்காகும். 4300 இலக்கத்தை மாற்ற அன்றைய ஒரு மேகக் கணினியில் 125 மைக்ரோ விநாடி ஆனது என்று குழுவே அளந்து எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நான்கு லட்சத்து முப்பதாயிரம் இலக்கத்துக்கு, மேலே சொன்ன கணக்குப்படி, ஒன்றேகால் விநாடி. இணையத்தில் எங்கிருந்தோ வரும் ஒரு கோரிக்கையில் அரை மெகாபைட்டுக்கும் குறைவான வெறும் இலக்கங்களை அனுப்பி, ஒரு சேவையகத்தின் ஒரு விநாடியைத் தின்றுவிடலாம். அதுபோல் ஆயிரம் கோரிக்கை வந்தால் சேவையகம் முடங்கும்.

2022 செப்டம்பரில் 3.10.7 உள்ளிட்ட திருத்தப் பதிப்புகளில் வரம்பு வந்தது. பேரெண்களோடு வேலை செய்யும் கணிதக்காரர்களுக்கு அது அதிர்ச்சி. சிறு திருத்தப் பதிப்பு ஒன்று, நேற்றுவரை ஓடிய நிரலை நிறுத்திவிட்டதே என்று கேட்டார்கள். பாதுகாப்பு விஷயம் என்பதால் ஆலோசனையின் பெரும்பகுதி வெளியே தெரியாமல் நடந்திருந்தது. விரிவான விளக்கங்கள் பெரும்பாலும் பதிப்பு வெளிவந்த பிறகுதான் பொதுவில் எழுதப்பட்டன. அந்த மறைப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: முடிவு முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்தது.

இப்போது, பல ஆண்டு கழித்து வரும் ஒரு வாசகரின் பாதையைப் பார்ப்போம். அவர் மூலநிரலில் 4300 என்ற எண்ணைக் காண்கிறார். `git blame` கட்டளை, அந்த வரியைக் கொண்டுவந்த மாற்றத்தைக் காட்டும். அந்த மாற்றத்தின் தலைப்பில் `gh-95778` என்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டுக்குப் போகலாம். மாற்றக் குறிப்பில் டிக்கெட் எண் இல்லாவிட்டால் பாதை இங்கேயே அறுந்துபோகும். ஆகவே முதல் வேலை, டிக்கெட் எண்ணைக் கட்டாயமாக எழுதுவது.

வாசகருக்கு மூலநிரலிலேயே ஒரு குறிப்பும் கிடைக்கிறது. அதன் சாரம்: இக்கால வன்பொருளில் அளவுக்கு மீறி மெதுவாகாமல் இருக்கவும், NumPy நூலகத்தின் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சோதனைத் தொகுப்புகள் தோற்காமல் இருக்கவும் இந்த எண். பக்கத்திலேயே அளந்த கட்டளையும், வந்த விடையும், எந்த வகைக் கணினி என்பதும் இருக்கின்றன. நான் பார்த்த முடிவுக் குறிப்புகளில் இது மிகச் சிறந்தவற்றில் ஒன்று. 4300 ஏதோ அழகுக்காக வந்ததல்ல, வேறொருவருடைய சோதனை தோற்கக்கூடாது என்ற கட்டாயத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் கட்டாயம் நீங்கினால் எண்ணை மாற்றிப் பார்க்கலாம் என்றும் தெரிகிறது.

அந்தக் குறிப்பு சொல்லாத ஒன்று உண்டு: கைவிட்ட வழிகள். வேகமான மாற்று முறையை எழுதிவிட்டால் வரம்பே வேண்டாமே? ஒவ்வொரு நிரலும் தனக்கு வரும் உள்ளீட்டின் நீளத்தைத் தானே சோதித்துக்கொண்டால் என்ன? இரண்டுக்கும் பதில் உண்டு. வேகமான முறைகளிலும் நேரம் இலக்கங்களுக்கு நேர்விகிதமாகாது, அதைவிட வேகமாகத்தான் ஏறும். உலகெங்கும் இருக்கும் பைத்தான் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து நீளச் சோதனை சேர்ப்பது நடக்காத காரியம். இந்தப் பதில்கள் ஆவணங்களிலும் விவாதங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நீண்ட டிக்கெட்டில் கிட்ஹப் நடுக் கருத்துகளை மடித்து மறைத்துவிடுவதும் உண்டு. முக்கிய வாதம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கும்.

இதற்கான மருந்து எளிது. டிக்கெட்டை மூடும் முன், முடிவை ஒரே தனிக் கருத்தாக எழுத வேண்டும். 4300 விஷயத்தை நானே எழுதிப் பார்த்தால் இப்படி வரும்:

```
முடிவு: int, str மாற்றத்துக்கு இயல்பு வரம்பு 4300 இலக்கம்.
காரணம்: நேரம் இலக்கத்தின் இருபடியில் ஏறுகிறது;
        வெளி உள்ளீட்டால் சேவையகம் முடங்கலாம்.
எண் ஏன்: NumPy சோதனைகள் தோற்கக்கூடாது; 4300-க்கு 125 மை.வி.
கைவிட்டவை: வேகமான முறை மட்டும் (நேர்விகிதம் ஆகாது);
           நிரல்தோறும் சோதனை (நடைமுறையில் முடியாது).
விலை: பேரெண் அச்சிடும் நிரல்கள் உடையும்;
      PYTHONINTMAXSTRDIGITS=0 வரம்பை நீக்கும்.
மறுபார்வை: மாற்று முறை வேகமானால்.
```

கடைசி வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். பைத்தான் 3.12இல் பேரெண் மாற்றத்துக்கு வேகமான முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் வரம்பு அப்படியே நிற்கிறது. வேகம் கூடியபின் வரம்பு இன்னும் தேவையா என்று கேட்பவருக்கு, எதை மீண்டும் அளக்க வேண்டும் என்று அந்த வரி சொல்லிவிடும். அது இல்லாமல் போனால், பின்னால் வருபவர் முடிவைத் தொட அஞ்சி விட்டுவைப்பார், அல்லது காரணம் புரியாமல் நீக்கிவிடுவார்.

இந்த அமைப்பு புதிதல்ல. 2011இல் மென்பொருளாளர் மைக்கேல் நைகார்ட், சூழல், முடிவு, விளைவு என்று பிரித்து எழுதும் சிறு ஆவணத்தைப் பரிந்துரைத்தார். பெரிய வடிவமைப்பு முடிவுகளுக்கு அது தனிக் கோப்பாகவே இருக்கட்டும். வரம்பு எண், இயல்பு மதிப்பு, ஒரு பிழையைத் திருத்தாமல் விடுவது போன்ற சிறு முடிவுகளுக்குத் தனிக் கோப்பு யாரும் எழுத மாட்டார்கள். அவற்றுக்கு டிக்கெட்தான் இடம்.

கெடுவது எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவு மாறினால் பழைய கருத்தைத் திருத்தாதீர்கள். அப்படிச் செய்தால், அதற்குக் கீழே வந்த பதில்கள் எதற்கு எழுதப்பட்டவை என்று புரியாமல் போகும். புதிய கருத்து எழுதி, பழையதற்கு இணைப்புக் கொடுங்கள். தொலைபேசியிலோ அரட்டைக் குழுவிலோ பேசி முடித்தால் 'பேசியபடி செய்யப்பட்டது' என்று எழுதி மூடாதீர்கள். பேசியது அடுத்த வருடம் எவருக்கும் நினைவில் இருக்காது. டிக்கெட் மேடையை மாற்றும்போதும் கவனம் தேவை. பைத்தான் 2022 ஏப்ரலில் பழைய டிக்கெட் மேடையிலிருந்து கிட்ஹப்புக்கு மாறியது. அப்போது பழைய டிக்கெட்டுகளுக்குப் புதிய எண்கள் வந்தன, ஆனால் பழைய எண்ணைக் கொண்டு புதியதைக் கண்டுபிடிக்க முடியும்படி வழி வைத்தார்கள். அந்த வழி இல்லாத இடங்களில் நிரலின் பழைய குறிப்புகள் எல்லாம் எங்கும் போகாத எண்களாகிவிடும்.

நல்ல பதிவா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அந்த டிக்கெட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கடைசிக் கருத்தை மட்டும் கொடுங்கள். வேறு எந்த வழிகள் பேசப்பட்டன, ஏன் விடப்பட்டன என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், டிக்கெட்டை மூடாமல் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்.